கோனில் விடுபட்ட கால்

இருபத்தைந்து வயதில் மதுரையில் என்னைவிடப் புத்திசாலி ஒருவன் இருக்க முடியாது என்று உண்மையாகவே நம்பினேன். மதுரை பெரிய ஊராயிற்றே என்று சில நாள் அடக்கம் தலைதூக்கும். அப்போது மட்டும் கோச்சடை எல்லையோடு நிறுத்திக்கொள்வேன். காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பரீட்சையில் பாதியைத் தாண்டியிருந்தேன். மீதிப் பாதியில் இரண்டு தடவை வழுக்கி விழுந்திருந்தேன். விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தாண்டியதை எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. அவனியாபுரம் தாண்டி இருந்த ஒரு நூல் மில்லில் எனக்குக் காஸ்டிங் உதவியாளர் வேலை. கோச்சடையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்துப் போவேன். தகுதிகாண் காலம் ஒரு வருடம், அதில் பத்து மாதம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டும். அதற்குள் மேனேஜர் கண்ணில் படும்படி எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. சும்மா இருப்பதற்கும் ஒரு புத்தி வேண்டும், அது என்னிடம் இல்லை.

மில்லில் சரக்கு செய்கிற பகுதிகள் இரண்டு. ஸ்பின்னிங் பஞ்சை நூலாக்கும். கோன் வைண்டிங் அந்த நூலைக் கூம்புக் குழல்களில் சுற்றி விற்பனைக்கு அனுப்பும். இந்த இரண்டுக்கும் சேவகம் செய்கிற பகுதிகளும் இரண்டு. ஒன்று மெயின்டனன்ஸ், ஐம்பது பேர் கையில் ஸ்பேனரோடு திரிவார்கள். இன்னொன்று கேண்டீன், மாஸ்டரோடு சேர்த்துப் பதினான்கு பேர். சேவகப் பகுதிகள் எதையும் விற்பதில்லை. ஆகவே அவற்றின் செலவை ஸ்பின்னிங் தலையிலும் கோன் தலையிலும் நியாயமாகப் பங்கு பிரித்துக் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் ஒரு கிலோ நூலின் அடக்கவிலை தெரியும். மாதாமாதம் அதைச் செய்வது என் வேலை.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு எளிய வழி வைத்திருந்தார். மெயின்டனன்ஸ் செலவை, ஃபிட்டர்கள் எந்தப் பகுதியில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பதை வைத்துப் பிரிப்பார். கேண்டீன் செலவைத் தலைக்கணக்கில் பிரிப்பார். கேண்டீனில் ஃபிட்டர்கள் பார்த்த வேலையையும், கேண்டீனில் ஃபிட்டர்கள் தின்ற சோற்றையும் கண்டுகொள்ளவே மாட்டார். இரண்டு செலவும் நேரே ஸ்பின்னிங்குக்கும் கோனுக்கும் போய்விடும். அவருக்குப் பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும். நேர் முறை என்று புத்தகம் சொல்லும். சோம்பேறி முறை என்று நான் சொன்னேன்.

புத்தகத்தில் இன்னொரு வழி இருந்தது, படிமுறை. ஒரு சேவகப் பகுதியின் செலவை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்து அதை மூடிவிட்டு, பிறகு அடுத்ததற்குப் போவது. அதில் எனக்கு வீரம் போதவில்லை. மூன்றாவதாக இருந்ததுதான் என் மனத்தைப் பறித்த பரஸ்பர முறை. கேண்டீன் மெயின்டனன்ஸ்காரர்களுக்குச் சோறு போடுகிறது. மெயின்டனன்ஸ் கேண்டீனுக்கு ரிப்பேர் பார்க்கிறது. ஆகவே மெயின்டனன்ஸின் முழுச் செலவு தெரிய வேண்டுமானால் கேண்டீனின் முழுச் செலவு தெரிய வேண்டும். கேண்டீனின் முழுச் செலவு தெரிய மெயின்டனன்ஸின் முழுச் செலவு தெரிய வேண்டும். இரண்டு சம்பந்தி வீடுகள் ஒன்றுக்கொன்று மொய் எழுதிக்கொள்கிற கதைதான். யார் உண்மையில் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதை இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதற்கு இரண்டு சமன்பாடுகள் போட்டு ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்க எனக்குத் தெரியும். மில்லில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு இனித்தது.

கார்த்திகை மாதக் கணக்கை எடுத்துக்கொண்டேன். மெயின்டனன்ஸின் சொந்தச் செலவு முப்பத்தேழாயிரம் ரூபாய். டோக்கன் வசூல் போகக் கேண்டீனின் சொந்தச் செலவு இருபதாயிரம். கேண்டீனில் சாப்பிடும் தலைகள் ஐந்நூறு. அதில் ஸ்பின்னிங் முந்நூற்றைம்பது, கோன் நூறு, மெயின்டனன்ஸ் ஐம்பது. கேண்டீன் ஆட்களையே அதில் சேர்க்கக் கூடாது என்று புத்தகம் சொன்னதால் சேர்க்கவில்லை. ஆக, கேண்டீன் செலவில் பத்தில் ஒரு பங்கு மெயின்டனன்ஸுக்கு.

ஃபிட்டர்களின் மணி நேரத்துக்கு ஜாப் கார்டுகள் இருந்தன. பழுப்பு நிற அட்டை. எந்தப் பகுதி, என்ன வேலை, எத்தனை மணி என்று மூன்று கட்டம். ஃபிட்டர்கள் வாயால் சொல்லச் சொல்ல வொர்க்‌ஷாப் மேஸ்திரி தமிழில் எழுதுவார். ஸ்பின்னிங்குக்கு 'ஸ்பி'. கோன் வைண்டிங்குக்கு 'கோன்'. கேண்டீனுக்கு 'கேன்'. நான் கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மூன்று குவியலாகப் போட்டு, மணி நேரத்தைக் கூட்டினேன். மொத்தம் பத்தாயிரம் மணி. ஸ்பின்னிங் ஆறாயிரம், கோன் ஆயிரத்தைந்நூறு, கேண்டீன் இரண்டாயிரத்தைந்நூறு. கேண்டீனுக்குக் கால் பங்கு.

கேண்டீனுக்குக் கால் பங்கா என்று ஒரு நொடிகூட எனக்கு உறுத்தவில்லை. எந்த நேரம் கேண்டீனுக்குப் போனாலும் நாலு ஃபிட்டர் அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலைக்குத்தான் வந்திருக்கிறார்கள் போலும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சமன்பாட்டைப் போட்டேன். மெயின்டனன்ஸின் முழுச் செலவு என்பது முப்பத்தேழாயிரமும் கேண்டீன் முழுச் செலவில் பத்தில் ஒரு பங்கும். கேண்டீனின் முழுச் செலவு என்பது இருபதாயிரமும் மெயின்டனன்ஸ் முழுச் செலவில் கால் பங்கும். ஒன்றை இன்னொன்றுக்குள் போட்டுத் தீர்த்தேன். மெயின்டனன்ஸ் நாற்பதாயிரம், கேண்டீன் முப்பதாயிரம். சில்லறைகூட ஒட்டவில்லை. இவ்வளவு சுத்தமாக வரும் விடை பொய் சொல்லாது என்று நாற்காலியில் சாய்ந்து ஒரு வெற்றிலை போட்டேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அன்றைக்குப் போட வேண்டும்போல் இருந்தது.

அந்த முழுச் செலவுகளை அதே மணிக்கணக்கிலும் தலைக்கணக்கிலும் பிரித்தேன். ஸ்பின்னிங்குக்கு நாற்பத்தையாயிரம், கோனுக்குப் பன்னிரண்டாயிரம். கூட்டினால் ஐம்பத்தேழாயிரம். நாம் தொடங்கிய முப்பத்தேழும் இருபதும் சேர்ந்தால் அதே ஐம்பத்தேழு. கணக்கைப் பெரிய தாளில் நகல் எடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டு, மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனேன்.

மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய முறையில ஸ்பின்னிங்குக்கு எவ்வளவு வந்திருக்கும்?"

"நாப்பத்தஞ்சாயிரத்து நூத்தம்பத்தாறு, சார்."

"இப்ப?"

"நாப்பத்தஞ்சாயிரம், சார்."

"நூத்தம்பத்தாறு ரூபாய் வித்தியாசத்துக்கா நாலு நாள் கதவைச் சாத்திட்டு உக்காந்தீங்க?"

காது சூடாகிவிட்டது. அந்த இடத்தில் 'ஆமாம் சார்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் என் சமன்பாட்டை யாரும் கேலி செய்துவிட முடியுமா? தாளின் நடுவில் விரலை வைத்தேன்.

"சார், வித்தியாசம் இங்க இருக்கு. கேண்டீன் இருபதாயிரம்னு நாம நினைச்சிட்டிருக்கோம். அது முப்பதாயிரம், சார். மெயின்டனன்ஸ் பங்கு இவ்வளவு நாளும் ஒளிஞ்சு கிடந்திருக்கு."

மேனேஜரின் கண்கள் முதல் முறையாகக் கண்ணாடி வழியாகவே பார்த்தன. மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். டவுனில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டர் எழுதியது. அதே சாப்பாடு, அதே டோக்கன் விலை, மில் மாதம் இருபத்து நாலாயிரம் கொடுத்தால் போதும், ரிப்பேரும் அவர் பொறுப்பு, ஆட்களும் அவருடையவர்கள்.

"இதை வேண்டாம்னு எழுதத்தான் வெச்சிருந்தேன். இருபதாயிரத்துல நடக்கறதை எதுக்கு இருபத்து நாலுக்குக் குடுக்கணும்னு. இப்ப நீங்க முப்பதுங்கறீங்க." கடிதத்தை என் தாள் மேல் வைத்தார். "தை ஒண்ணாம் தேதியிலிருந்து விட்டுடலாம். நல்ல வேலை பண்ணியிருக்கீங்க."

நல்ல வேலை பண்ணியிருக்கீங்க! சைக்கிளில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் எதிர்காற்று அடித்தது, எனக்குத் தெரியவில்லை. ஆட்களும் அவருடையவர்கள் என்றால், இருக்கிற பதினான்கு பேர் எங்கே போவார்கள் என்பதும் தெரியவில்லை. அதைக் கணக்கில் கேட்கவில்லை, ஆகவே நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மில்லில் எந்த ரகசியமும் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டாது. இரண்டே நாளில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் டேப்போடு வந்து கேண்டீன் அடுப்பை அளந்துவிட்டுப் போனார். அளவை எழுதிக்கொண்டவர் போகும்போது, "கணக்கு ஆபீஸ்ல ஒரு பெரிய மூளை கண்டுபிடிச்சுருச்சாம்ல" என்று பாராட்டாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் நான் டோக்கனை நீட்டியபோது பந்தி பரிமாறுகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பாரில் காய் தேடினேன், தட்டுப்படவில்லை. டீயில் பால் இருந்ததற்குச் சாட்சி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் உலகம் இப்படித்தான் நடத்தும் என்று ஒரு தியாகி போல அந்த டீயைக் குடித்தேன்.

நாலாம் நாள் கேண்டீன் மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார். வில்லாபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கிய வயது, தோளில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. சண்டை போட வருகிறார் என்று நினைத்து, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"தம்பி, ஒரு வெவரம் கேட்டுட்டுப் போறேன். கோவிச்சுக்கிறாதீக."

"சொல்லுங்கண்ணே."

"எங்க கேண்டீன்ல ஃபிட்டருக அம்புட்டு நேரம் வேலை பாத்ததா எழுதியிருக்கீகளாம். எம்புட்டு நேரம்?"

"இரண்டாயிரத்தைந்நூறு மணி நேரம்ணே. ஒரு மாசத்துக்கு."

அவர் விரல் விட்டு எண்ணினார். எனக்குப் பொறுமை போயிற்று. அவர் எண்ணி முடித்தார்.

"ஒரு ஆளு மாசத்துக்கு இருநூறு மணி வேலை பாப்பாரு. அப்ப பன்னெண்டு, பதிமூணு பேரு மாசம் பூரா எங்ககூடயே நின்னுருக்கணும். நாங்களே பதினாலு பேருதான் தம்பி. எங்களோட அம்புட்டுப் பேரு நின்னா சோத்துப் பானை வைக்க இடம் இருக்காதே."

திறந்து வைத்திருந்த புத்தகத்தை மூடினேன்.

"கிரைண்டரு நின்னு ஆறு மாசம் ஆச்சு. ஏழு சீட்டு எழுதிக் குடுத்துட்டேன். ஒரு பய வரல. பொம்பளையாளுக ரெண்டு பேரு கையால ஆட்டித்தான் ஒங்களுக்கு இட்லி போடுறோம். வாரவுக எல்லாம் டீ குடிக்க வாராக. டீ குடிச்சதயுமா ரிப்பேருன்னு எழுதுவாக?" துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பன்னெண்டு வருசமா இங்கன இருக்கேன். வேணாம்னா போகச் சொல்லுங்க, போறோம். ரிப்பேருலயே காசத் தின்னுட்டோம்னு எழுதிப் போகச் சொல்லாதீக."

அவர் போன பிறகு கார்த்திகைக் கட்டை அவிழ்த்தேன். கேண்டீன் குவியலை எடுத்து, இதுவரை நான் ஒருமுறைகூட நிதானமாகப் படிக்காத அந்த இரண்டாவது கட்டத்தைப் படித்தேன். என்ன வேலை என்ற கட்டம்.

'கேன். டிரம் பேரிங் மாத்தியது. 6 மணி.'

டிரம்! இந்தக் கார்டைக் கூட்டும்போது நான் பார்த்திருக்கிறேன் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. தண்ணீர் டிரம் போலும் என்று நினைத்துத் தள்ளியிருக்கிறேன். தண்ணீர் டிரம்முக்கு எதற்கு பேரிங் என்று ஒரு மில்லில் பத்து மாதம் சம்பளம் வாங்கியவன் யோசிக்கவில்லை. நூலைக் கோனில் சுற்றுகிற இயந்திரத்தில் வரிசை வரிசையாக ஓடுவதுதான் டிரம். அடுத்த கார்டு: 'கேன். டென்ஷன் வாஷர் சரி பண்ணியது.' அதற்கடுத்தது: 'கேன். ஸ்பிண்டில் எண்ணெய்.' கேண்டீனில் எந்தப் பாத்திரத்துக்கு ஸ்பிண்டில்?

கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேஸ்திரியின் எழுத்து. ஒற்றைக் கொம்பைச் சுழித்து இரட்டைக் கொம்பு, பிறகு 'க'. பிறகு வந்திருக்க வேண்டிய துணைக்காலைக் காணோம். அவர் எழுத நினைத்தது கோன். கால் விட்டுப்போனதால் அது கேன் ஆகிவிட்டது. எங்கெல்லாம் பகல் ஷிப்டில் கோன் வேலை நடந்ததோ அங்கெல்லாம் இப்படித்தான். இரவு ஷிப்டு கார்டை வேறு ஒருவர் எழுதினார், அவர் கால் போட்டார். என் கோன் குவியலில் இருந்தது இரவு வேலை மட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். துணைக்கால் விட்டதற்கு ஒவ்வொரு காலுக்கும் கால் மார்க் குறைத்தே ஒரு தலைமுறையை அழ வைத்தவர். அவர் பெற்ற பிள்ளை நான்.

கார்டுகளை வாரிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். மேஸ்திரி ஒரு பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஒரு கார்டை நீட்டினேன்.

"அண்ணே, இது என்ன எழுத்து?"

"கோன்."

"கால் எங்கண்ணே?"

கார்டை வாங்கி, தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அட, ஆமா. கால் போட்டா என்ன, போடாட்டி என்னய்யா? டிரம்முன்னு எழுதியிருக்கேன்ல. படிக்கிறவனுக்குத் தெரியாது?"

படிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும். கூட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் கார்டையும் வேலையைப் படித்துப் பார்த்துப் பிரித்துவிட்டேன். ஸ்பின்னிங் அதே ஆறாயிரம். கோன் மூவாயிரத்தைந்நூறு. கேண்டீன் வெறும் ஐந்நூறு. அதுவும் ட்யூப் லைட்டு, குழாய், அடுப்புக்குப் புகை போகும் தகரக் குழல். கால் பங்கு இருபதில் ஒரு பங்காகிவிட்டது. சமன்பாட்டை மறுபடி போட்டேன். மெயின்டனன்ஸ் முப்பத்தொன்பதாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. கேண்டீன் இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. இந்த முறை விடை சுத்தமாக வரவில்லை, பைசா பைசாவாக ஒழுகியது. ஆனால் கான்ட்ராக்டரின் இருபத்து நாலாயிரத்தைவிடக் குறைவு. பதினான்கு பேரும் போக வேண்டியதில்லை.

நேர்மையானவன் அந்தத் தாளோடு அப்போதே மேனேஜர் அறைக்குப் போயிருப்பான். நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: இரண்டு நாள் அது என் பையிலேயே கிடந்தது. நிரந்தர உத்தரவு மேனேஜரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்ததை டைப்பிஸ்ட் சொல்லியிருந்தார். கையெழுத்து ஆகட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு மனம். கான்ட்ராக்டர் வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் போட வருகிறார் என்று இன்னொரு மனம். எது முதலில் நடக்கும் என்று காத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் கேண்டீனுக்குப் போகாமல் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் முகத்தில் விழிக்க முடியாதவன் அவர் வேலையை வைத்துச் சூதாடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் என்னை அவ்வளவு வெறுத்த தயிர்சாதம் வேறில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் என் மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்து இறங்கியது. கொண்டுவந்த பெண் பிள்ளை, "மாஸ்டர் குடுத்துட்டு வரச் சொன்னாரு. ரெண்டு நாளா வரலையே, ஒடம்புக்குச் சரியில்லையான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றாள். பால் நிறைய இருந்தது. அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. பையிலிருந்த தாளையும் கார்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

சொல்லி முடித்ததும் மேனேஜர் கார்டு ஒன்றை எடுத்து, கண்ணாடிக்கு மேலாகவும் கண்ணாடி வழியாகவும் பார்த்தார்.

"உங்க ஈக்வேஷன் சரிதானே?"

"சரிதான், சார்."

"அப்ப தப்பு எதுல?"

"படிக்காததுல, சார்."

"பன்னெண்டு ஃபிட்டர் மாசம் பூரா கேண்டீன்ல நிக்கறாங்கன்னு சொல்லுது உங்க தாள். அது உங்களுக்கும் தோணலை. அதை நம்பின எனக்கும் தோணலை. சோறு வடிக்கறவருக்குத் தோணியிருக்கு." கான்ட்ராக்டரின் கடிதத்தை எடுத்து, குறுக்கே எதையோ எழுதி ஓரமாக வைத்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். அது எது என்று எனக்குத் தெரியும். அதிலும் எழுதினார். என் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீண்டது.

வெளியே வந்தபோது வருத்தம் வரவில்லை. பதினான்கு பேரின் வேலை போகாமல் நின்றதற்கு என் ஆறு மாதம் கொள்ளை மலிவு. இதை அப்போதே நினைத்ததாக எழுத ஆசைதான். உண்மையில் அப்போது என் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆறு மாதத்தை நினைத்து.

பிறகு வந்த புயலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியான கணக்கில் ஸ்பின்னிங் பங்கு முப்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதாக இறங்கியது. கோன் பங்கு பதினெட்டாயிரத்து நூற்றுப் பதினொன்றாக ஏறியது. ஸ்பின்னிங் மாஸ்டர் வருடக்கணக்காக, "எங்க தலையில அதிகமா கட்டுறீங்க" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அந்தப் புலம்பல் நியாயமானது என்று தெரிந்தது. கோன் பகுதிக்காரர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. எனக்கு இன்னொன்றும் வெகு காலம் கழித்தே உறைத்தது. கேண்டீனைக் கான்ட்ராக்டுக்கு விட்டிருந்தாலும் ஒரு ஃபிட்டரின் சம்பளம்கூட நின்றிருக்காது. அவர்கள் அத்தனை பேரும் மில்லில்தான் இருந்திருப்பார்கள். அந்த முப்பதாயிரத்தில் மெயின்டனன்ஸ் பங்கு என்று நான் காட்டியதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்காது. பங்கு பிரிக்கிற கணக்கு வேறு, மூடலாமா என்று பார்க்கிற கணக்கு வேறு. அதுவும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது, பத்துப் பக்கம் தள்ளி.

வொர்க்‌ஷாப் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'கோன் என்று எழுதும்போது துணைக்கால் கட்டாயம் போடவும்.' நான்தான் எழுதினேன். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, "வாத்தியார் மகன்ல" என்றாராம். அதோடு மேனேஜர் இன்னொரு உத்தரவும் போட்டார். கேண்டீன் கிரைண்டரைப் பொங்கலுக்குள் ஓட வைக்க வேண்டும்.

பொங்கல் முடிந்தது. ஜல்லிக்கட்டுக்குப் போன ஃபிட்டர்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். தை மாதக் கார்டுகள் என் மேஜைக்கு வந்தன. இப்போது ஒவ்வொரு கார்டிலும் மூன்று கட்டத்தையும் விரல் வைத்துப் படித்தேன். பாதிக் கட்டில் ஒரு கார்டு. மேஸ்திரி எழுத்து, அறிவிப்புக்கு மரியாதையாகத் துணைக்கால் தடிமனாக, ஆணி அடித்த மாதிரி.

'கோன். கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் சுத்தியது. கல் கொத்தியது. பெல்ட் மாட்டியது. 14 மணி.'

கேண்டீனுக்கு ஆறு மாதத்தில் கிடைத்த முதல் பெரிய வேலை, கால் முளைத்துக் கோனுக்குப் போய்விட்டது. சிவப்புப் பென்சிலை எடுத்துக் காலை அடிக்கப் போனேன். கை பாதியில் நின்றது. இதையும் மேஜையில் உட்கார்ந்தே திருத்துவதா? எழுந்து கேண்டீனுக்கு நடந்தேன்.

நான் பத்துப் பன்னிரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தடியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு நுரைத்துச் சுற்றுவதை அந்த இரண்டு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ன தம்பி, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கே."

"சாப்பிட வரலைண்ணே. கிரைண்டர் ஓடுதான்னு பாக்க வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"இந்த அஞ்சடிய அன்னைக்கே நடந்துருக்கலாம்ல, தம்பி" என்றார்.